பழைய தேங்காய் எண்ணெய்க் கறை: தலையணை உறையிலும் சோபா கையிலும் எடுக்கும் முறை

தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படுக்கிற வீட்டில் தலையணை உறை நடுவில் மஞ்சளடிப்பது வழக்கம்தான். மதியம் சாய்ந்து படுக்கிற சோபாவின் கைகளும் அப்படித்தான் கறுத்துப் பிசுபிசுக்கும். புதிதாகப் பட்ட எண்ணெய் ஒரு நல்ல துவைப்பிலேயே போய்விடும். மாதக்கணக்கில் ஊறி, பலமுறை துவைத்தும் போகாமல் நிற்கிற பழைய கறைக்கு மட்டும்தான் இந்த வழிகாட்டி. தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம், பாம்பன் என்று நம் கடற்கரையோரத்தில் துவைக்கிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஏனென்றால் இந்தக் கறை போகாமல் நிற்பதில் பாதிப் பங்கு நம் ஊர்த் தண்ணீருக்கு உண்டு.

முதலில், கறையில் என்ன இருக்கிறது?

பழைய கறையில் மூன்று பொருட்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். ஒன்று, தேங்காய் எண்ணெய். இன்னொன்று, தலையிலிருந்தும் தோலிலிருந்தும் கசிகிற நம் உடம்பின் எண்ணெய். மஞ்சளுக்கும் சிக்கு வாடைக்கும் பெரும்பாலும் காரணம் இந்த இரண்டாவதுதான். தேங்காய் எண்ணெய் காற்றுப்பட்டுக் கெடுவது மெதுவாகத்தான். உடம்பின் எண்ணெய் சீக்கிரம் கெட்டு நிறம் மாறும்.

மூன்றாவது பொருளைத்தான் யாரும் கவனிப்பதில்லை. எண்ணெய் பழசானால் அதிலிருந்து கொழுப்பு அமிலங்கள் பிரியும். கிணற்றிலும் போரிலும் வருகிற உப்புத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதிகம். கொழுப்பு அமிலமும் சோப்பும் இவற்றோடு சேர்ந்தால் வெள்ளையாகத் திரிந்து, தண்ணீரில் கரையாத ஒரு பசையாகிவிடும். வாளியின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒட்டுகிறதே, அதே பசைதான் பஞ்சு நூலின் இடுக்கிலும் போய் உட்காருகிறது. அதன்மேல் அடுத்த எண்ணெய் படியும், அடுத்த துவைப்பில் அதுவும் திரியும். இப்படி அடுக்கடுக்காக ஏறிய கறையைப் பிரஷ் போட்டுத் தேய்த்தால் நூல்தான் நையும்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் எண்ணெய், அடுத்து திரிந்த பசை, கடைசியில் மஞ்சள். மஞ்சளைப் பார்த்தவுடன் பிளீச்சிங் பவுடரை எடுப்பவர்கள் வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள். எண்ணெய் அப்படியே உள்ளே இருக்கும், துணி மட்டும் இற்றுப்போகும்.

தண்ணீரையும் துணியையும் சோதிப்பது

ஒரு சின்ன பாட்டிலில் பாதி அளவுக்கு உங்கள் வீட்டுத் தண்ணீரை எடுத்து, குளிக்கிற சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்றால் நல்லது. நுரை அடங்கி, மேலே தயிர்த் திப்பி போல மிதந்தால் அந்தத் தண்ணீரில் நேரடியாக இந்த வேலையைச் செய்யக் கூடாது. குழாயில் வரும் காவிரித் தண்ணீர், பிடித்து வைத்த மழைத்தண்ணீர், விலைக்கு வாங்கும் குடத்துத் தண்ணீர் எதுவானாலும் நல்ல தண்ணீர் கொஞ்சம் தனியே வேண்டும். முழு வேலைக்கும் வேண்டாம், எந்த இடத்துக்கு மட்டும் வேண்டும் என்று கீழே சொல்கிறேன்.

அடுத்து துணி. காய்ந்த உறையில் கறைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். எண்ணெய் இல்லாத பருத்தி சொட்டை உடனே உறிஞ்சிவிடும். எண்ணெய் இருக்கிற இடத்தில் சொட்டு முத்தாக உருண்டு நிற்கும். இன்னொரு வழி, உறையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பது. எண்ணெய் இருக்கும் இடம் கண்ணாடித்தாள் மாதிரி வெளிச்சத்தை விடும். இரண்டு சோதனையையும் காய்ந்த துணியில்தான் செய்ய வேண்டும், ஈரத்துணியில் எதுவும் தெரியாது. சோப்பு சரியாக அலசப்படாத துணியும் சொட்டை உறிஞ்சிவிடும், அதனால் நன்றாக அலசிக் காய்ந்த பிறகு பார்ப்பதுதான் நம்பகமானது.

தலையணை உறை

தொண்டியில் இருக்கும் என் நாத்தனார் வெள்ளைப் பருத்தி உறைகள் இரண்டைக் கொடுத்தனுப்பினாள். "எத்தனை தடவ அடிச்சுத் துவைச்சாலும் காயக் காய மஞ்சள் திரும்பி வருது அண்ணி" என்றாள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு அடர் மஞ்சள், சுற்றி வெளிறிய ஒரு வளையம். தொட்டால் அந்த இடம் மட்டும் லேசாக மொடமொடத்தது. அந்த மொடமொடப்புதான் திரிந்த பசைக்கு அடையாளம். வெறும் எண்ணெய் மட்டும் இருந்தால் துணி வழுக்கும், விறைக்காது. அந்த உறைகளுக்குச் செய்ததைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

*முதல் படி: காய்ந்த துணியில் லிக்விட்.* பாத்திரம் கழுவும் லிக்விடைத் தண்ணீர் கலக்காமல் எடுங்கள். ஓர் உறைக்கு ஒரு டீஸ்பூன் போதும். துணி காய்ந்திருக்க வேண்டும். ஈரத்துணியில் விட்டால் லிக்விட் நீர்த்துப்போய் எண்ணெயோடு நெருங்காது. கறையின் உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டிலும் விரலால் தடவி, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மெதுவாக நூல் ஓடும் திசையிலேயே தேய்த்து விடுங்கள். அரை மணி நேரம் அப்படியே கிடக்கட்டும்.

இந்த வேலைக்கு மதிய வேளைதான் தோது. தேங்காய் எண்ணெய் சுமார் 24, 25 டிகிரியில் உறையும். மார்கழி, தை மாதக் காலைகளிலும் ஏசி அறையிலும் துணிக்குள் இருக்கும் எண்ணெய் கெட்டியாகி லிக்விடோடு கலக்காது. வெயில் ஏறிய பிறகு தொடங்கினால் அந்தப் பிரச்சினை இல்லை.

*இரண்டாம் படி: சோடாத் தண்ணீர்.* இதற்கு வேண்டியது சலவைச் சோடா, அதாவது கடையில் வாஷிங் சோடா என்று கேட்டு வாங்குவது. ஆப்பச் சோடா இந்த வேலைக்குப் போதாது, அதன் காரம் மிகக் குறைவு. அந்தக் காலத்தில் உவர்மண்ணில் துணியை முக்கி வெள்ளாவி வைத்தார்களே, அந்த உவர்மண்ணில் இருப்பதும் இந்தச் சோடாதான். வெள்ளாவியில் ஏறிய எண்ணெய்த் துணி வெளுத்து வந்ததற்குக் காரணம், காரமும் ஆவியின் சூடும் ஒன்றாகச் சேர்ந்ததுதான். நாம் வாளியில் செய்வதும் அதையே.

ஐந்து லிட்டர் தண்ணீரை எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்க வையுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சோடா அதை அரித்துக் கறுப்பாக்கும். அடுப்பை அணைத்து, மூன்று டேபிள்ஸ்பூன் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கி மூடி வையுங்கள். போர்த் தண்ணீராக இருந்தால் பால் கலந்ததுபோல் கலங்கும். பயப்பட வேண்டாம், தண்ணீரில் இருந்த சுண்ணாம்பு பிரிந்து வருகிறது. கால் மணி நேரத்தில் அது அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் வாளியில் ஊற்றி, அடியில் நிற்கும் வெள்ளை வண்டலைக் கொட்டிவிடுங்கள். இந்த ஒரு வேலையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். உப்புத் தண்ணீரில் இதைச் செய்யாவிட்டால் அந்தச் சுண்ணாம்பு உங்கள் துணியில்தான் படியும்.

தெளிந்த தண்ணீரில் இரண்டு டேபிள்ஸ்பூன் துணி துவைக்கும் பவுடர் போட்டு, லிக்விட் தடவிய உறைகளை அலசாமல் அப்படியே முக்குங்கள். தண்ணீர் சுமார் 60 டிகிரியில் இருந்தால் நல்லது. விரலை விட்டதும் வெடுக்கென்று எடுக்கத் தோன்றும் சூடு அது. பழைய எண்ணெயிலிருந்து பிரிந்த கொழுப்பு அமிலத்தில் பெரும்பங்கு 44 டிகிரிக்கு மேல்தான் உருகும், அதனால் வெதுவெதுப்பு போதாது. கரண்டிக்காம்பால் அவ்வப்போது அமுக்கி விடுங்கள். ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகள் இருக்கும் பக்கம் வாளியை வைக்காதீர்கள்.

ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் தண்ணீர் கை பொறுக்கும் அளவுக்கு ஆறிவிடும். அப்போதே எடுத்துக் கசக்குங்கள். இரவெல்லாம் ஊறட்டும் என்று விட்டால், ஆறிய தண்ணீரில் பிரிந்த எண்ணெய் திரும்பத் துணியில் ஏறும்.

*மூன்றாம் படி: அலசல்.* நல்ல தண்ணீர் கட்டாயம் வேண்டிய இடம் இது. சோடாவிலிருந்து எடுத்த துணியில் இப்போது சோப்பும் கரைந்த கொழுப்பும் நிறைய இருக்கும். அதை நேரே உப்புத் தண்ணீரில் போட்டால் அத்தனையும் அந்த நிமிடமே திரிந்து நூலில் ஒட்டிக்கொள்ளும், பட்ட பாடெல்லாம் வீண். முதல் அலசலை அரை வாளி வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் செய்யுங்கள். நடுவில் ஒன்றிரண்டு அலசல் போர்த் தண்ணீரில் போகலாம். கடைசி அலசல் மறுபடியும் நல்ல தண்ணீரில். உப்பு தங்கிய துணி கடற்காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு எப்போதும் நமுத்தே கிடக்கும், அதில் அழுக்கும் சீக்கிரம் ஏறும்.

நிழலில் உலர்த்துங்கள். எண்ணெய் முழுக்கப் போனது தெரியும் வரை இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டாம். மிச்சமிருக்கும் எண்ணெய் சூட்டில் இன்னும் மஞ்சளாகி ஊறும்.

*நான்காம் படி: பசை நின்றால் மட்டும்.* காய்ந்ததும் சொட்டுச் சோதனை செய்யுங்கள். நாத்தனாரின் உறைகளில் வெளி வளையம் போயிருந்தது, அங்கே சொட்டு உடனே இறங்கியது. நடுவில் மட்டும் இன்னும் உருண்டு நின்றது, மொடமொடப்பும் இருந்தது. எண்ணெய் போய் திரிந்த பசை மட்டும் நிற்கிறது என்று அதற்குப் பொருள். இதற்குச் சோடாவை இன்னும் கூட்டுவதால் பயனில்லை, புளிப்பு வேண்டும். வெள்ளை வினிகர் ஒரு பங்கு, வெதுவெதுப்பான நல்ல தண்ணீர் நான்கு பங்கு கலந்து அந்த இடம் மூழ்க அரை மணி நேரம் வையுங்கள். புளிப்பு, பசையிலிருக்கும் சுண்ணாம்பைப் பிரித்துவிடும். கொழுப்பு அமிலம் மட்டும் துணியில் தங்கும். தொட்டால் மறுபடி பிசுபிசுக்கும், கறை கூடியதுபோலவே தோன்றும். அதுதான் வேலை நடக்கிறது என்பதற்குச் சான்று. நல்ல தண்ணீரில் அலசிக் காய வைத்து, லிக்விட், சோடா இரண்டையும் இன்னொரு முறை செய்யுங்கள்.

வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒரே வாளியில் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு வரும், மூச்சுக்கு ஆபத்து. ஒன்றன்பின் ஒன்றாகவும் வேண்டாம்.

*ஐந்தாம் படி: மஞ்சள்.* சொட்டு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறங்கினால் எண்ணெய் போயிற்று. அப்புறமும் மஞ்சள் நின்றால் அது வெறும் நிறம்தான். பிளீச்சிங் பவுடர் அல்ல, குளோரின் இல்லாத ஆக்சிஜன் பிளீச் பவுடர் ஒரு டேபிள்ஸ்பூனை இரண்டு லிட்டர் சூடான நல்ல தண்ணீரில் கரைத்து நான்கு மணி நேரம் ஊறவையுங்கள். பிளாஸ்டிக் வாளி போதும். மூடியை இறுக்கிப் போடக் கூடாது, உள்ளே வாயு உண்டாகிறது. அந்த உறைகள் இரண்டும் இதில் ஏறக்குறைய பழைய வெள்ளைக்கு வந்தன. ஒன்றில் மட்டும் வெளிச்சத்தில் பார்த்தால் தெரிகிற மெல்லிய பழுப்பு நின்றது. அந்த அளவு நின்றால் அதோடு விட்டுவிடுவதே சரி. அதற்குமேல் போனால் நூல் தாங்காது.

நிறம் போட்ட உறைக்கும், கைத்தறி, சுங்குடி வகைக்கும் இவ்வளவு சூடு ஆகாது. ஓர் ஓரத்தை சோடாத் தண்ணீரில் நனைத்து வெள்ளைத்துணியால் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் சோடாவை விட்டுவிட்டு, லிக்விடும் வெதுவெதுப்பான தண்ணீரும் மட்டும் வைத்து இரண்டு மூன்று முறை செய்யுங்கள். ஒரு பங்கு கொதித்த தண்ணீருக்கு ஐந்து பங்கு சாதாரணத் தண்ணீர் கலந்தால் சரியான வெதுவெதுப்பு கிடைக்கும். துணி மிருதுவாக்கும் கண்டிஷனரைத் தலையணை உறைக்குப் பயன்படுத்தவே வேண்டாம். அது நூலின்மேல் ஒரு கொழுப்புப் பூச்சாகத் தங்கும்.

சோபா கை

இங்கே கணக்கே வேறு. உறையை முக்கலாம், அலசலாம். சோபா கையில் துணிக்கு அடியில் ஃபோம் இருக்கிறது, உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. அதனால் தண்ணீரை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

துணியைக் கழற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். கழற்றித் துவைக்கும் உறை என்றால் மேலே சொன்ன முறையே, ஆனால் வெதுவெதுப்பான தண்ணீரில் மட்டும். சூட்டில் பருத்தி சுருங்கினால் திரும்ப மாட்ட முடியாது. கம்பெனி சோபாவாக இருந்தால் மெத்தைக்கு அடியில் ஒரு துணிச்சீட்டு இருக்கும். W என்றிருந்தால் தண்ணீர் படலாம், WS என்றிருந்தாலும் படலாம். S, X என்றிருந்தால் தண்ணீர் கூடாது. நம் ஊரில் ஆசாரி செய்து துணி அடித்த சோபாவில் சீட்டெல்லாம் இருக்காது. பின்பக்கத் தையலில் ஒரு நூலை உருவி, எவர்சில்வர் தட்டில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம்போல எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் பாலியெஸ்டர் கலந்தது.

முதல் வேலை மணல் எடுப்பது. கடற்காற்றில் வரும் பொடிமணலும் உப்புத்தூசியும் எண்ணெயில் ஒட்டித்தான் சோபா கை கறுக்கிறது. மணலோடு தேய்த்தால் துணி உப்புத்தாள் போட்டதுபோல் அறுபடும். காய்ந்த பிரஷ்ஷால் நன்றாகத் தட்டிவிடுங்கள், வேக்குவம் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து, தண்ணீரில்லாமல் எடுக்க முடிந்த எண்ணெயை எடுப்பது. வெள்ளை டிஷ்யூ பேப்பரை நான்கு மடிப்பாகக் கறைமேல் விரித்து, கொதித்த தண்ணீர் நிரப்பிய எவர்சில்வர் டம்ளரைத் துணியால் பிடித்து அதன்மேல் வையுங்கள். ஒரு நிமிடம் அமுக்கிப் பிடித்துத் தூக்கினால் பேப்பரில் டம்ளரின் அடி அளவுக்கு எண்ணெய் வட்டம் விழுந்திருக்கும். பேப்பரின் புதுப் பக்கத்தை வைத்து, டம்ளரை நகர்த்தி நகர்த்தி, வட்டம் விழாமல் நிற்கும் வரை செய்யுங்கள். இஸ்திரிப் பெட்டியை விட இது பாதுகாப்பு. டம்ளர் 100 டிகிரிக்கு மேல் போகாது, ஃபோம் உருகாது. செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். இதற்குப்பின் முகத்துக்குப் போடும் பவுடரையோ சோளமாவையோ தடிமனாகத் தூவி இரவு விட்டு, காலையில் தட்டினால் மேலும் கொஞ்சம் வரும். பழைய கறையைப் பவுடர் மட்டுமே எடுத்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இப்போது நுரை. ஒரு கப் சூடான நல்ல தண்ணீரில் ஒரு டீஸ்பூன் லிக்விட் விட்டு முட்டை அடிக்கும் கம்பியால் அடியுங்கள். மேலே நிற்கும் நுரையை மட்டும் வெள்ளைத்துணியில் எடுத்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். துணி அழுக்கானதும் மடிப்பை மாற்றுங்கள். தேய்த்தால் எண்ணெய் ஃபோமுக்குள் இறங்கும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து, சொட்டுக்கூட விழாதபடி பிழிந்த துணியால் நான்கைந்து முறை ஒற்றி சோப்பை எடுங்கள். இதற்கு உப்புத் தண்ணீரைத் தொடவே கூடாது. காய்ந்ததும் வெள்ளைப் பூப்பூக்கும்.

நனைந்த இடத்துக்கும் நனையாத இடத்துக்கும் நடுவில் வளையம் விழுவதுதான் பெரும்பாலும் நடக்கும் கோளாறு. ஈரம் காயும்போது கரைந்த அழுக்கை ஓரத்துக்குத் தள்ளுகிறது. அதைத் தவிர்க்க, கறையை மட்டும் நனைத்து நிறுத்தாமல், பிழிந்த துணியால் தையலிலிருந்து தையல் வரை சோபா கை முழுவதையும் ஒரே சீராக ஒற்றிவிடுங்கள். பிறகு காய்ந்த துண்டை வைத்து உள்ளங்கையால் அழுத்தி ஈரத்தை எடுத்து, மின்விசிறியின் கீழ் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஃபோம் காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். மாசி முதல் ஆவணி வரை வெயிலும் காற்றும் இருக்கும் நாளாகப் பாருங்கள்.

மண்ணெண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் துடைக்கச் சொல்வார்கள். எண்ணெயை அது கரைக்கும் என்பது உண்மை. ஆனால் ஃபோமில் இறங்கிய மண்ணெண்ணெய் பல நாள் அங்கேயே இருக்கும், வாடையும் போகாது, பக்கத்தில் ஒரு பொறி விழுந்தால் சோபாவே பற்றிக்கொள்ளும். வீட்டுக்குள் வேண்டாம்.

சுத்தமாகக் காய்ந்த சோபா கையில் சில நாளில் கறை திரும்பத் தெரிந்தால், நீங்கள் எடுத்தது துணியிலிருந்த எண்ணெய், வந்திருப்பது ஃபோமில் இருந்தது. டம்ளரும் டிஷ்யூவும் வைத்து இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பேப்பரில் விழும் வட்டம் வெளிறிக்கொண்டே வந்தால் தொடரலாம். வட்டம் அதே அடர்த்தியில் விழுந்துகொண்டே இருந்தால், அல்லது மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் சிக்கு வாடை அடித்தால், ஃபோம் முழுக்க ஊறிவிட்டது. அதை வெளியிலிருந்து எடுக்க முடியாது. சோபா வேலை பார்ப்பவரிடம் அந்தக் கைப்பகுதியின் ஃபோமையும் துணியையும் மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றும்போது புது ஃபோமுக்கும் துணிக்கும் நடுவில் மெல்லிய ரெக்சின் ஒரு சுற்று வைக்கச் சொன்னால், இனிமேல் படும் எண்ணெய் துணியோடு நின்றுவிடும்.